ஸ்கீமாவில் இல்லாத மூன்று கட்டங்கள்

போன வாரம் மூன்று புள்ளிக் கேள்வி ஒன்றுக்கு ஒரே ஒரு புள்ளி போட்டு அனுப்பிவிட்டேன். பிள்ளை எழுதியிருந்ததோ முழுப் புள்ளிக்கும் உரிய விடை. யார் மேலும் பழி போட வழியில்லை. திரையில் சிவப்புக் கோடு இழுத்தது என் விரல்தான்.

சுங்கை சிப்புட்டில் மாலை டியூஷன் எடுக்கிறேன். சுற்று வட்டாரத் தோட்டங்களில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்தான் வண்டி கிடைக்கும். மற்ற நாள்களில் வீட்டுப் பாடத்தைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்புவார்கள். நான் இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் கைப்பேசியிலேயே திருத்தி அனுப்புவேன். கேள்விகள் நான் தயாரித்தவை அல்ல. ஆசிரியர்களிடையே கைமாறி வரும் ஒரு தொகுப்பு அது, கடைசிப் பக்கத்தில் விடையும் புள்ளிப் பங்கீடும் சொல்லும் ஸ்கீமாவும் இருக்கும். இரவு பத்தரைக்கு அந்தக் கடைசிப் பக்கம் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது திருத்துகிறவர்களுக்குத் தெரியும்.

கேள்வி படிவம் இரண்டு கணிதத்தில் வரும் வேகமும் முடுக்கமும் பாடத்தில் இருந்து. மலாயில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: ஒரு கார் முதல் 2 மணி நேரம் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும், அடுத்த 1 மணி நேரம் மணிக்கு 90 கி.மீ. வேகத்திலும் போகிறது. முழுப் பயணத்தின் சராசரி வேகத்தைக் கணக்கிடுக.

ஸ்கீமா சொல்வது நாம் எல்லாரும் படித்த வழிதான். மொத்தத் தூரம் கண்டுபிடி, மொத்த நேரத்தால் வகு.

(60 × 2 + 90 × 1) ÷ 3 = 210 ÷ 3 = 70

தூரத்தைக் கூட்டிய வரிக்கு K1, மூன்றால் வகுத்ததற்கு K1, 70 என்ற விடைக்கு N1. K என்றால் வழிமுறைக்கான புள்ளி, N என்றால் மதிப்புக்கான புள்ளி. இங்கே ஆசிரியராக இருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளையின் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

90 − 60 = 30
30 ÷ 3 = 10
60 + 10 = 70

210 எங்கும் இல்லை. 60 × 2 இல்லை. விடை மட்டும் சரி. பக்கத்து வீட்டுப் பையன் தாளைப் பார்த்து 70 என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி மேலே எதையோ எழுதிவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. K இரண்டுக்கும் சுழியம், N1 மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. "சார், விடை சரிதானே? ஏன் ஒண்ணு?" அவ்வளவுதான் கேட்டாள். "வழி இல்லையேம்மா" என்று எழுதப் போனவன், அந்த மூன்று வரியை இன்னொரு தடவை பார்த்தேன்.

கார் மூன்று மணி நேரமும் 60இல் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் 30 கி.மீ. கூடுதலாக ஓடியிருக்கிறது. அந்தக் கூடுதல் முப்பதை மூன்று மணி நேரத்துக்கும் சமமாகப் பிரித்தால் மணிக்குப் பத்து. அறுபதோடு பத்து, எழுபது. ஸ்கீமாவின் வரியையே கொஞ்சம் மாற்றி எழுதினால் அவள் வரி வந்து நிற்கிறது:

(60 × 2 + 90 × 1) ÷ 3 = (60 × 3 + 30 × 1) ÷ 3 = 60 + 10

ஆக, இது தப்பித் தவறி வந்த விடை இல்லை. நியாயமான வழி. சந்தையில் கணக்குப் போடுகிறவர்கள் மனதுக்குள் போடுவதும் இப்படித்தான்.

சரி, உடனே புள்ளியைத் திருத்திவிடலாமா? இங்கேதான் நான் கொஞ்சம் தயங்கினேன். என் தயக்கம் நியாயமானது என்று இப்போதும் நினைக்கிறேன். வழி சரி என்பது ஒன்று, அந்த வழியைத்தான் அவள் யோசித்தாளா என்பது வேறு. இந்தக் கேள்வியில் வேகமாகப் போன நேரம் சரியாக ஒரு மணி. முப்பதை ஒன்றால் பெருக்கினாலும் முப்பதுதான், பெருக்காமல் விட்டாலும் முப்பதுதான். கூடுதல் வேகத்தை, அது ஓடிய நேரத்தால் பெருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா, அல்லது இரண்டு வேகத்தின் வித்தியாசத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் போதும் என்று ஒரு தவறான விதியை மனதில் வைத்திருக்கிறாளா? அந்த மூன்று வரியைப் பார்த்து இதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. கேள்வியில் இருந்த எண்கள் அப்படி.

சரியான விடை தவறான வழியிலும் வரும். இதே பாடத்தில் பிள்ளைகள் அதிகம் செய்வது இரண்டு வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது. இந்தக் கேள்வியில் அப்படிச் செய்தால் 75 வரும், தவறு உடனே பிடிபடும். ஆனால் இரண்டு பகுதிக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்திருந்தால் அந்த வழியிலும் விடை சரியாகவே வந்திருக்கும். நேரத்துக்குப் பதில் தூரத்தைச் சமமாக்கினால் மறுபடி மாட்டிக்கொள்வார்கள். 180 கி.மீ. 60இல் போய் 180 கி.மீ. 90இல் திரும்பினால், 360 கி.மீ.க்கு 5 மணி நேரம், சராசரி 72. எழுபத்தைந்து இல்லை.

அதனால் இரண்டு வேலை செய்தேன். முதலாவது, வேறு படம் கேட்டேன். அவள் அனுப்பியது கைப்பேசியின் ஸ்கேன் முறையில் எடுத்த படம். அந்த முறை நிழலைப் போக்கித் தாளைப் பளிச்சென்று வெள்ளையாக்கும். அந்த வேகத்தில் மெலிதான பென்சில் கோட்டையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். ஓரத்தையும் அதுவே வெட்டிவிடும். "சாதாரண கேமராவில், முழுத் தாளும் தெரிகிற மாதிரி எடு" என்றேன். வந்த படத்தில் வலது ஓரத்தில் பென்சிலில் மூன்று கட்டம். முதல் இரண்டில் 60, 60. மூன்றாவதில் 90. அந்த 90 மேல் ஒரு சின்ன மூடி மாதிரி வரைந்து 30 என்று எழுதி, அதில் இருந்து மூன்று கட்டத்துக்கும் அம்பு போட்டிருந்தாள். ஒரு மணிக்கு ஒரு கட்டம். நான் "வழி இல்லை" என்று சொன்ன வழி முழுவதும் அந்த ஓரத்தில் இருந்தது.

அது போதும்தான். இருந்தாலும் இரண்டாவது வேலையையும் செய்தேன். எண்ணை மாற்றிக் கொடுத்தேன்: 2 மணி நேரம் 60, 3 மணி நேரம் 90. தவறான விதியை வைத்திருக்கும் பிள்ளை 30 ÷ 5 = 6 என்று போட்டு 66 சொல்லும். சரியாகப் புரிந்த பிள்ளை முப்பதை மூன்று தடவை எடுத்து, 90 ÷ 5 = 18, ஆக 78 என்று சொல்லும். ஸ்கீமா வழியிலும் 390 ÷ 5 = 78. அவள் இரண்டு நிமிடத்தில் 78 என்று எழுதினாள், ஐந்து கட்டத்தோடு.

மூன்று புள்ளி கொடுத்தேன். எப்படிப் பங்கிட்டேன் என்றால், கூடுதல் 30ஐக் கண்டுபிடித்ததற்கு K1, அதை மொத்த நேரத்தால் வகுத்ததற்கு K1, 70க்கு N1. அப்புறம் அந்தப் பங்கீட்டை என் ஸ்கீமா பக்கத்தின் கீழேயே எழுதி வைத்தேன், ஏனென்றால் ஒருத்திக்கு மட்டும் மாற்றினால் அது சலுகையாகிவிடும். அன்று திருத்திய மற்றப் படங்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரு பையன் வெறும் 70 மட்டும் எழுதியிருந்தான், அவனிடமும் முழுப் படம் கேட்டேன். அவன் தாளின் ஓரத்திலும் எதுவும் இல்லை, N1 அப்படியே நின்றது.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன், அவரும் ஆசிரியர். "நீங்க பிள்ளையைக் கெடுக்கிறீங்க. எஸ்பிஎம்-இல் இதெல்லாம் நடக்குமா? அங்க திருத்துறவர் போன் போட்டுக் கேப்பாரா?" என்றார். அவர் சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடு. பொதுத் தேர்வில் திருத்துகிறவர் தன் இஷ்டத்துக்குப் புது வழியை ஏற்க முடியாது, எல்லாரும் ஒரே அளவுகோலில் திருத்த வேண்டும். தாளில் உள்ளதைத் தவிர அவருக்கு வேறு சாட்சியும் கிடையாது. ஆனால் அது அவள் இன்னும் இரண்டு வரி எழுதப் பழக வேண்டும் என்பதற்குக் காரணம். என் வகுப்பில் சரியானதை நான் தவறு என்று போடுவதற்கு அது காரணமாகாது. பிடி3 தேர்வு போன பிறகு படிவம் மூன்று வரை ஆண்டிறுதிச் சோதனையைப் பள்ளி ஆசிரியர்கள்தான் திருத்துகிறார்கள். பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது, கேட்டால் சொல்லும்.

ஸ்கீமா ஜெயிக்க வேண்டிய இடமும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. கேள்வியே வழியைப் பெயர் சொல்லிக் கேட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. படிவம் ஐந்தில் "அணி முறையைப் பயன்படுத்தி x, y மதிப்பைக் கணக்கிடுக" என்று கேட்டிருக்கும்போது, பிள்ளை நீக்கல் முறையில் மிக அழகாகச் செய்து சரியான விடையைக் கொண்டுவந்தாலும் வழிமுறைப் புள்ளி கேட்க முடியாது. அங்கே சோதிக்கப்படுவது அணி தெரியுமா என்பது, x எவ்வளவு என்பது இல்லை. அதே மாதிரி "seterusnya" என்று மலாயில் ஒரு சொல் வரும், அதாவது முந்திய பகுதியில் கண்டுபிடித்ததை வைத்து மேலே போ என்று அர்த்தம். அதைத் தாண்டி வேறு வழியில் போனவர்களுக்காக என்னால் வாதாட முடியாது. அதனால் இப்போதெல்லாம் ஸ்கீமாவைத் திறப்பதற்கு முன் கேள்வியைத்தான் இன்னொரு தடவை படிக்கிறேன். நம் கார் கேள்வியில் "கணக்கிடுக" என்று மட்டும்தான் இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். "இனிமேல் 90 − 60 = 30 என்று மட்டும் எழுதாதே. 'கூடுதல் வேகம் 30, ஓடிய நேரம் 1 மணி, 30 × 1 = 30 கி.மீ.' என்று எழுது. கட்டத்தைப் பேனாவில் போடு, ஓரத்தில் போடாதே" என்று அனுப்பினேன்.

"சரி சார். ஆனா விடை எழுத மூணு கோடுதான் விட்டிருக்காங்க, கட்டம் எங்க போடுறது?" என்று கேட்டாள். தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். மூன்று கோடுதான், ஸ்கீமாவின் மூன்று வரிக்குக் கணக்காக.