ஆமாம், அந்த நீளமான மெசேஜ் நான் அனுப்பியதுதான்

விருந்துக்குக் கூப்பிட்ட அக்காவுக்கு, எனக்கு எதெல்லாம் சேராது என்று எழுதிய மெசேஜ் அது. அதன் ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "சாப்பிடக் கூப்பிட்டா சமையல் வகுப்பு எடுக்கறாங்க" என்று மேலே ஒரு வரி, கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். பெயரை மட்டும் மறைத்த பெருந்தன்மைக்கு நன்றி. அனுப்பியது நான்தான்.

எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் குளூட்டன் என்கிற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சுகிற குடலுறிஞ்சிகள் தட்டையாகிப்போகும். ஆயுசுக்கும் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் இப்போதைக்கு வைத்தியம். அதைத்தான் எழுதினேன். எனக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று அதில் ஒரு சொல் கிடையாது.

"கோதுமை ஆகாதுன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிருக்கலாமே?" முடித்துப் பார்த்தாயிற்று. வேறொரு வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பாவம், எனக்கென்று தனியாகக் காய் பொரித்து வைத்தார்கள். சாப்பிட்டுச் சிரித்துப் பேசிவிட்டுத்தான் வந்தேன். நள்ளிரவில் வயிறு முறுக்க ஆரம்பித்தது. விடியும்வரை குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கோதுமை மாவில் தோய்த்ததைப் பொரித்த அதே எண்ணெயில்தான் என் காயும் பொரிந்தது என்று மறுநாள் பேச்சுவாக்கில் தெரிந்தது. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். கோதுமை போடவில்லையே, சொன்னதைச் செய்தார்கள். எண்ணெயைப் பற்றி என் இரண்டு வார்த்தையில் எதுவும் இல்லையே.

அதனால்தான் இந்த முறை இப்படி எழுதினேன்: "அக்கா, கூப்பிட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு சீலியாக் நோய் இருக்கு, கோதுமை, மைதா, ரவை, பார்லி துளியும் சேரக்கூடாது. சோயா சாஸ், சூப் கட்டி, கடையில வாங்கற மசாலாப் பொடி இதுல கோதுமை கலந்திருக்கலாம், பாக்கெட் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினா நானே பாத்துச் சொல்லிடறேன். எனக்கானதை முதல்ல சமைச்சு மூடி வெச்சுட்டா போதும். கரண்டி, எண்ணெய், வடிகட்டி மட்டும் தனியா இருக்கட்டும். சாதம், பருப்பு, காய், முட்டை எல்லாம் சாப்பிடுவேன்."

இதில் எந்த வரியை வெட்டச் சொல்கிறீர்கள்? கரண்டியை வெட்டினால் நூடுல்ஸ் கிண்டிய கரண்டி என் பருப்புக்குள் வரும். முதலில் சமைக்கச் சொன்னது, மாவு சலிக்கும்போது பறக்கிற தூசி என் பாத்திரத்தில் படியக்கூடாது என்பதற்காக. சாப்பிடுவேன் என்கிற வரியை வெட்டினால் அக்கா எனக்கு என்னதான் கொடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்.

அடுத்த ஞானி: "ஒரு துணுக்கு போனா செத்தா போயிடுவீங்க?" சாகமாட்டேன், நன்றி. ஆனால் தினம் வெறும் 50 மில்லிகிராம் குளூட்டன் சில மாதம் போனாலே குடல் கெடும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு துண்டு பிரெட்டில் அது கிராம் கணக்கில் இருக்கிறது. 50 மில்லிகிராம் என்பது நீங்கள் மேசையிலிருந்து கையால் தட்டிவிடுகிற பொடிதான்.

"நல்லாக் கொதிக்க வெச்சா போயிடுமே" என்றும் ஒருவர். கிருமி போகும். குளூட்டன் கிருமி இல்லை சார்.

"போன விருந்துல சாப்பிட்டாங்க, ஒண்ணும் ஆகலையே" என்று எழுதியவருக்கு: ஒன்றும் ஆகவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இது சாப்பிட்ட இடத்திலேயே முகம் வீங்குகிற அலர்ஜி கிடையாது. மணிக்கணக்கில் கழித்து வரும். சில பேருக்கு வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே குடல் மட்டும் கெட்டுக்கொண்டிருக்கும். உங்கள் வாசல்படி இறங்கும்வரை சிரித்துக்கொண்டு இருந்தேனாம், அதனால் எனக்கு நோயே இல்லையாம்!

கூப்பிட்டவர்களுக்கு இது கூடுதல் வேலை என்கிறார்கள். சரி, வேலைதான். ஒத்துக்கொள்கிறேன். முடியாது என்று ஒரு வரி பதில் போட்டிருந்தால் நான் கோபித்துக்கொண்டிருக்கவே மாட்டேன். நாலு நாள் முன்னாடியே அனுப்பியது எதற்கு? இலையில் உட்கார்ந்த பிறகு சொல்லியிருந்தால், "முன்னாடியே சொல்றதுக்கு என்ன" என்று இதே ஆட்கள்தான் கேட்டிருப்பார்கள். சொன்னால் சீன், சொல்லாவிட்டால் திமிர், வராவிட்டால் மரியாதை தெரியாதவள். மூன்றில் எதுதான் உங்களுக்கு வசதி?

கடைசியாக, எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வி: "வீட்லயே சாப்பிட்டுட்டு வந்து பேசிட்டுப் போனா என்ன?" அந்த மெசேஜின் கடைசி வரி என்ன தெரியுமா? "கஷ்டமா இருந்தா தயங்காம சொல்லுங்கக்கா, என் சாப்பாட்டை டப்பால எடுத்துட்டு வந்து உங்ககூட உக்காந்து சாப்பிடறேன்." ஸ்கிரீன்ஷாட் அதற்கு மேலேயே கத்தரிக்கப்பட்டிருக்கிறது. கை தவறி வெட்டுப்பட்டது என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

என் நோயின் பெயர் இருக்கிற அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று அதைப் போட்டவரிடம் தனியாகக் கேட்டேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. எடுக்க மனமில்லை என்றால் அந்தக் கடைசி வரியையும் சேர்த்துப் போடுங்கள்.