நான்காவது ஸ்லைடில் உள்ள ‘மூன்று பேப்பர்’ பற்றி

“கடைசி வாரத்தில் தினமும் மூன்று பாஸ்ட் பேப்பர் செய்ய வைத்தால் புள்ளி தானாகக் கூடும்.”

டீச்சர், பெற்றோருக்கான உங்கள் ஸ்லைடில் உள்ள இந்த வரியைத் தயவுசெய்து மாற்றுங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளுக்கே ஒரு மணி நேரம், 40 கேள்விகள். பின்னேரம் மூன்று பேப்பர் செய்தால் பிழை பார்க்க நேரம் ஏது? புள்ளி கூடுவது அங்கேதான்.

ஹட்டனில் என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளைக்கு 13 கேள்வி பிழைத்தது. உட்கார்ந்து பார்த்தால், ஆறு அவளுக்குத் தெரிந்தவைதான். ‘பொருந்தாதது எது’ என்பதை அவசரத்தில் ‘பொருந்துவது’ என்று வாசித்திருக்கிறாள். மிச்சம் ஏழும் உருவக் கோலங்கள். அப்புறம் இரண்டு நாள் புதுப் பேப்பரே இல்லை. கோலங்களை மட்டும் பழகி, அதே 13ஐயும் விடை பார்க்காமல் திரும்பச் செய்தாள். ஒன்பது சரி. மற்ற நாலு இன்னும் இழுக்கிறது.

இங்கே பேப்பரே வேண்டாம் என்று எழுதிய அண்ணா சொன்னது பாதி சரி. நேரம் வைத்துச் செய்யும் பழக்கமும் வேண்டுமே. சாதாரண தரம் பற்றிக் கேட்ட அக்கா, அங்கே கட்டுரை வினாக்களும் உண்டு, இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

இன்னொன்று: பெற்றோர் ஒரு ஸ்லைடை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ‘ஒரு பேப்பர், அன்றே திருத்தம்’ என்பதை அதே ஸ்லைடில் போடுங்கள், அடுத்ததில் வேண்டாம்.