சம்பளம் குடுத்துட்டோம்ல?

பேட்டண்டுக்குன்னு ஷீல்டு வச்சு ஒரு கம்பெனி போட்ட அந்தப் போட்டோவைப் பத்தி எதுவும் எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். ஷீல்டைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறவங்கள்லயும் விண்ணப்பத்துலயும், அதைக் கண்டுபிடிச்ச தம்பி இல்லைங்கறதை எல்லாரும் பார்த்தாச்சு, பேசியாச்சு. ஆனா நேத்து ராத்திரி ஒரு அண்ணன் கமெண்ட்ல வந்து, "கொத்தனார் கட்டின வீடு கொத்தனாருக்கா சொந்தம்? மாசாமாசம் சம்பளம் வாங்கினார்ல?"ன்னு கேட்டிருக்கார். அதுக்குக் கீழே கைதட்டல் வேற. அதான் எழுதுறேன்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். அந்த ஷீல்டு பேட்டண்ட் கிடைச்சதுக்கு இல்ல. விண்ணப்பம் பப்ளிஷ் ஆனதுக்கு. தாக்கல் பண்ணி 18 மாசம் ஆனா, வாபஸ் வாங்காத எந்த விண்ணப்பமும் பொதுவா தானா பப்ளிஷ் ஆகும். பரிசோதனையே அதுக்கப்புறம்தான். அதுக்கே கேக் வெட்டிட்டாங்க. இருக்கட்டும், சந்தோஷம்.

இப்ப கொத்தனாருக்கு வருவோம். "வேலைக்காரன் செஞ்சது முதலாளிக்கு, சட்டமே சொல்லுது"ன்னு ஒருத்தர் நம்பர் போட்டுக் காட்டினார். காப்பிரைட் சட்டம் 1957, பிரிவு 17. சரிதாங்க. வேலையில இருக்கும்போது வேலைக்காக எழுதின சாஃப்ட்வேர் கோடு, வரைஞ்ச படம், தயாரிச்ச மேனுவல் எல்லாத்துக்கும், வேற ஒப்பந்தம் இல்லன்னா, கம்பெனிதான் முதல் உரிமையாளர். ஆனா அந்தத் தம்பி சண்டை போடறது காப்பிரைட்டுக்கு இல்லையே. பேட்டண்ட் வேற சட்டம், 1970-ல வந்தது. "ஊழியர் கண்டுபிடிச்சது கம்பெனிக்கு"ன்னு அதுல ஒரு வரி கூடக் கிடையாது. விண்ணப்பிக்கிற உரிமை "உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளருக்கு". இல்லன்னா அவர் அதை யாருக்கு எழுதிக் குடுத்தாரோ அவருக்கு. எழுதிக் குடுத்தாத்தான்! அதாவது கம்பெனி கைக்கு அது வர்றது நாம கையெழுத்து போட்டு மாத்திக் குடுக்கறதால. ஒரே டப்பாக்குள்ள இருக்கிற ஒரே சமாச்சாரத்துல கோடு தானா கம்பெனிக்குப் போகுது, அதுக்குள்ள இருக்கிற முறை நாம குடுத்தாத்தான் போகுது. கொத்தனார் உதாரணம் இங்கேயே இடிஞ்சு விழுந்துடுது.

என் கதையைச் சொல்றேன். பெங்களூரு பீன்யாவுல பம்ப் ஸ்டார்ட்டர் பண்ற ஒரு கம்பெனியில இருந்தேன். பேர் வேண்டாம். போர்வெல்ல தண்ணி வத்தினா சப்மெர்சிபிள் மோட்டார் சும்மா சுத்தும். அதைக் குளிர வைக்கிறதே தண்ணிதான்கிறதால கொஞ்ச நேரத்துல வைண்டிங் கருகிடும். இதைக் கண்டுபிடிக்க பவர் ஃபேக்டரைப் பார்ப்போம், அதாவது இழுக்கிற கரண்ட்ல எவ்வளவு நிஜ வேலைக்குப் போகுதுங்கற கணக்கு. லோடு குறைஞ்சா அது சட்டுனு இறங்கும், இது எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய வித்தை. பொங்கல் லீவுல கிருஷ்ணகிரி பக்கம் பெரியப்பா தோட்டத்துக்குப் போனேன். "உங்க கம்பெனி டப்பா ராத்திரியானா தண்ணி இருக்கும்போதே ஆஃப் ஆயிடுதுடா, நான் டார்ச் எடுத்துக்கிட்டு அலையறேன்"னு திட்டினார். மீட்டரை மாட்டிப் பார்த்தா, ராத்திரி ஊர்ல லோடு குறைஞ்சு வோல்டேஜ் ஏறுது. வோல்டேஜ் ஏறினா மோட்டார் காந்தப்புலத்துக்கு இழுக்கிற கரண்ட் கூடி, தண்ணி இருக்கும்போதே பவர் ஃபேக்டர் இறங்குது. நம்ம டப்பா அதைத்தான் தண்ணியில்லாம சுத்தற "டிரை ரன்"னு நினைச்சுக்குது. அப்ப வரம்பை ஒரே இடத்துல நிறுத்தாம, வோல்டேஜோட சேர்த்து நகர்த்தணும், அதையும் அந்தந்த மோட்டாரைப் பார்த்து டப்பாவே கத்துக்கணும். பெரியப்பா வீட்டுத் திண்ணையில உக்காந்து எழுதினது அது.

லீவுல, சொந்தக்காரர் தோட்டத்துல, என் மீட்டர்ல. ஆனா என் ஆஃபர் லெட்டர்ல "பணி நேரத்திலோ வெளியிலோ, நிறுவனத்தின் தொழில் தொடர்பான எந்தக் கண்டுபிடிப்பும்"னு ஒரு பாரா இருந்துச்சு. அதனால போச்சு. பேட்டண்ட் ஏஜென்ட் விண்ணப்பப் படிவம், ஃபார்ம் 1 அனுப்பினார். "உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர் நாங்களே, விண்ணப்பதாரர் எங்கள் உரிமை பெற்றவர்"னு கண்டுபிடிப்பாளர் கையெழுத்து போடற இடம் அதுல இருக்கு. என் பேருக்கு மேல இன்னொரு பேர் இருந்துச்சு. பவர் ஃபேக்டர்னா என்னன்னு என்கிட்டயே ரெண்டு தடவை கேட்ட மனுஷன். எனக்கு ஒரு கிஃப்ட் வவுச்சர் குடுத்தாங்க. அந்த டப்பா இன்னிக்கும் விக்குது.

"அதான் கையெழுத்து போட்டீங்களே, படிக்கலையா?" படிச்சுட்டுத்தாங்க போட்டேன். அந்தப் பாராவை அடிச்சுட்டு வேலை குடுத்திருப்பாங்களா? இந்த ஊர்ல அப்படி ஒரு ஹெச்.ஆரைக் காட்டுங்க, பெங்களூரு ட்ராஃபிக்ல நடந்தே வந்து கும்பிடறேன்.

"கம்பெனிதானே ரிஸ்க் எடுக்குது, பத்துல ஒன்பது ஊத்திக்கும்." உண்மைதான், ஒத்துக்கறேன். லேப், டூலிங், டெஸ்டிங் எல்லாம் அவங்க காசு. அதனால பெரும்பங்கு அவங்களுக்கு. நான் பாதி கேக்கலையே! பெரும்பங்குக்கும் முழுப்பங்குக்கும் நடுவுல எதுவுமே கிடையாதாங்கறதுதான் கேள்வி. ஜெர்மனியில 1957-லயே இதுக்குன்னு தனிச் சட்டம் போட்டாங்க. கம்பெனி எடுத்துக்கலாம், ஆனா சம்பளத்துக்கு மேல நியாயமான தொகை குடுத்தாகணும். அங்க யாரும் கடையை மூடிட்டு ஓடல.

ஜப்பான்ல நீல எல்.இ.டி. செஞ்ச நாகமுராவுக்கு அந்த பேட்டண்டுக்குக் கம்பெனி குடுத்தது 20,000 யென். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2004-ல டோக்கியோ கோர்ட்டு 2,000 கோடி யென் குடுக்கச் சொல்லுச்சு. அப்பீல்ல 2005-ல ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசம் ஆச்சு. 2014-ல நோபல் வந்துச்சு. அவரும் மாசாமாசம் சம்பளம் வாங்கினவர்தான். நம்ம சட்டத்துல கேக்கறதுக்கு அப்படி ஒரு பிரிவே இல்ல. கையெழுத்து போட்ட காகிதத்துல என்ன விலை எழுதியிருக்கோ அதான் விலை. பெரும்பாலும் எதுவும் எழுதியிருக்காது.

பணத்தை விடுங்க. நிஜமாவே விடுங்க. பேரு? காசு போட்டதாலயோ சீட்ல உக்காந்திருக்கறதாலயோ ஒருத்தர் கண்டுபிடிப்பாளர் ஆயிட முடியாது. பணம் போட்ட பங்காளி கண்டுபிடிப்பாளர் இல்லன்னு 1960-லயே இதே பெங்களூர்ல இருந்த மைசூர் ஹைகோர்ட்டு சொல்லியாச்சு. அப்புறமும் டைரக்டர் பேர் முதல்ல, மேனேஜர் பேர் ரெண்டாவது, ராத்திரி பகலா உக்காந்த புள்ளை பேர் இல்லவே இல்ல. அந்தப் பேரால ஒரு பைசா வராது, சட்டமே அதைத் தெளிவாச் சொல்லுது. பைசா வராத பேரைக்கூட விட்டுத்தர மனசு வரலைன்னா என்ன ஜென்மங்க நீங்க?

தம்பி, நீ படிப்பேன்னு தெரியும். உன் பேரைச் சேர்க்க ஃபார்ம் 8 இருக்கு, பிரிவு 28. பேட்டண்ட் கிராண்ட் ஆகறதுக்கு முன்னாடி குடுக்கணும், அதுக்கப்புறம் குடுத்தா எடுத்துக்க மாட்டாங்க. உன் விண்ணப்பம் பப்ளிஷ்தான் ஆகியிருக்கு, அதனால இன்னும் நேரம் இருக்கு. கர்நாடகா விண்ணப்பம் எல்லாம் நம்ம சென்னை கிண்டி பேட்டண்ட் ஆபீசுக்குத்தான் போகுது. கம்பெனியைக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க, அதனால வெறும் கோபத்தோட போகாதே. தேதி போட்ட நோட்டு, முதல் தடவை ஐடியாவைச் சொன்ன மெயில், டெஸ்ட் ரீடிங்கை எடுத்து வை. கம்பெனி லேப்டாப்ல இருந்து சொந்த மெயிலுக்கு எதையும் அனுப்பாதே, அதையே சாக்கா வச்சு வெளியே அனுப்பிடுவாங்க. என்னென்ன இருக்கு, எந்தத் தேதின்னு மட்டும் குறிச்சுக்கிட்டு ஒரு வக்கீலைப் பாரு. இருக்கக் கூடாதவர் பேர் ஏறியிருந்தா அதைக் கேள்வி கேக்க இந்தக் கெடு கிடையாது, எப்ப வேணா கேக்கலாம். அதை ரெண்டாவதா வச்சுக்கோ.

ஹெச்.ஆர். கூப்பிட்டு "டீம் ஸ்பிரிட்"னு ஆரம்பிப்பாங்க. சொல்றதை எல்லாம் மெயில்ல எழுதித் தரச் சொல்லு.