185 ரூபாய் பாஸும் 6,000 ரூபாய் வண்டியும்

எங்கள் தெருவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி ஸ்கூட்டர் வண்டி எடுக்கப்போகிறான். வீடு கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து உள்ளே இரண்டரை கிலோமீட்டர். வேலை ஈக்காட்டுத்தாங்கலில். "அண்ணா, டெய்லி நூறு ரூபாய்க்கு கொஞ்சம் மேல பெட்ரோல் போட்டா போயிட்டு வந்துரலாம். ஷேர் ஆட்டோ, ட்ரெயின், பஸ்னு மாறி மாறி ஏறுறதுக்கு அதுவே மேல்" என்றான். இந்தக் கணக்கைப் பல பேர் வாயில் கேட்டுவிட்டேன். பெட்ரோலை டிக்கெட்டோடு ஒப்பிடுகிறார்கள். வண்டியின் மற்ற செலவெல்லாம் மாதக் கடைசியில் வேறு பெயரில் வந்து நிற்பதால் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ரயில். சென்னை புறநகர் ரயிலில் 21 கிலோமீட்டர் முதல் 45 கிலோமீட்டர் வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் 185 ரூபாய். கூடுவாஞ்சேரியிலிருந்து தம்பி இறங்கவேண்டிய கிண்டி அந்தத் தூரத்துக்குள்தான் வருகிறது. தனி டிக்கெட் எடுத்தால் ஒரு தடவைக்கு 10 ரூபாய், போக வர 20. மாதத்தில் 10 நாள் போனாலே சீசன் போட்ட காசு எடுத்தாகிவிட்டது, மிச்ச நாளெல்லாம் சும்மா போகிற மாதிரி. மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் போட்டால் மூன்று மடங்கு கேட்க மாட்டார்கள், 2.7 மடங்குதான். அதாவது 500 ரூபாய் சுமாருக்கு மூன்று மாதம். இன்றைக்கு இரண்டு பேர் ஹோட்டலில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டாலே அந்தக் காசு ஆகிவிடும்.

சீசனில் கவனமாக இருக்கவேண்டியது ஒன்றுதான், முடிகிற தேதி. மாதத் தொடக்கத்தில் எடுக்காமல் நடுவில் எடுத்தவர்களுக்கு அது மறந்தே போகும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் குறைந்தபட்ச அபராதமே 250 ரூபாய், அதோடு பயணக் கட்டணமும். ஒரு மாத சீசனைவிட அதிகம். முடிகிற தேதிக்கு முன்னாலேயே புதுப்பிக்க விடுகிறார்கள், பழைய தேதி முடிந்த மறுநாளிலிருந்து புதியது ஓடும். அதனால் கடைசி நாள் கவுண்டர் வரிசையில் போய் நிற்கவேண்டிய அவசியமே இல்லை.

ஆக, ரயில் ஏறக்குறைய இலவசம். பாக்கெட் காலியாவது ரயிலுக்கு முன்னாலும் பின்னாலும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், திரும்பி வர 20. மாதம் 25 நாள் வேலை என்று வைத்தால் 1,000 ரூபாய். கிண்டியில் இறங்கி ஈக்காட்டுத்தாங்கலுக்கு மூன்று கிலோமீட்டர் பஸ். சாதாரண பஸ் கிடைத்தால் டிக்கெட் குறைவு, சொகுசு பஸ் வந்தால் கூடுதல். சராசரியாக ஒரு தடவைக்கு 10 ரூபாய் என்று போட்டால் மாதம் 500. மழைக்கும், கடைசி ஷேர் ஆட்டோ போன ராத்திரிக்கும் தனி ஆட்டோ பிடிக்க ஒரு 300 ரூபாய் ஒதுக்கிவிடுங்கள். எல்லாம் சேர்த்தால் 1,985. சரி, 2,000 ரூபாய்.

இந்த 2,000-ஐ ஒரு நிமிஷம் பிரித்துப் பாருங்கள். 26 கிலோமீட்டருக்கு ரயில் 185 வாங்குகிறது. இரண்டரை கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ 1,000 வாங்குகிறது. ஷேர் ஆட்டோ அண்ணன்களைக் குறை சொல்லவில்லை. டீசல், பர்மிட், ரிப்பேர் எல்லாம் அவர்கள் தலையில். ஆள் நிரம்பாமல் கிளம்பினால் அவர்களுக்கும் கட்டாது. அதனால்தான் காலையில் நாம் உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகும், பின்சீட்டில் இன்னும் ஒருவர் என்று ஐந்து நிமிஷம் நிற்கிறது. 7.40 ரயில் போய்விடுமே என்று நாம் மணியைப் பார்த்துக்கொண்டிருப்போம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதே 20 ரூபாய் 30 ஆகிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் வண்டி வாங்குகிற பலர் இந்த இரண்டரை கிலோமீட்டருக்கு வெறுத்துப்போய்த்தான் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு ஸ்டேஷனோடு நிறுத்துவதில்லை, கிண்டி வரைக்கும் ஓட்டிக்கொண்டே போய்விடுகிறார்கள்.

பஸ்ஸில் பெண்களுக்குக் கணக்கே வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. இதே வழியில் போகும் ஒரு பெண்ணுக்கு அந்த 500 பெரும்பாலும் போய்விடும், மாதம் 1,500-க்குள் முடியும். நகருக்குள்ளேயே நாலைந்து பஸ் மாறி அலைகிறவர்களுக்கு 1,000 ரூபாய் மாத பாஸ் லாபம், குளிர்சாதனப் பேருந்து தவிர மற்றதில் எல்லாம் ஏறலாம். ஆனால் ஒரே ஒரு சின்ன தூரத்துக்கு மட்டும் பஸ் ஏறுகிறவர் பாஸ் எடுத்தால் நஷ்டம்தான். இந்தத் தம்பிக்கு அது வேண்டாம்.

இப்போது வண்டி. வீட்டிலிருந்து ஆபீஸ் 30 கிலோமீட்டர், போக வர 60. 25 நாளைக்கு 1,500 கிலோமீட்டர். ஸ்கூட்டர் விளம்பரத்தில் எவ்வளவு சொன்னாலும் ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர், தாம்பரம், குரோம்பேட்டை என்று நின்று நின்று போகும்போது லிட்டருக்கு 45 கிடைத்தாலே பெரிது. 33 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 3,350 ரூபாய் சொச்சம். இதோடு கணக்கை மூடிவிட்டாலே ரயில் பக்கத்து மொத்தச் செலவைவிட 1,300 ரூபாய் அதிகமாகிவிட்டது. பலரும் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள், "1,300 ரூபாய்தானே, சௌகரியத்துக்கு வைத்துக்கொள்வோம்" என்று.

மீதியையும் போடுவோம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் சர்வீஸ் வரும். ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 1,400 என்று வைத்தால் மாதம் 700. டயர் இரண்டும் மாற்ற 4,500 ஆகும், 20,000 கிலோமீட்டர் ஓடினால் நல்ல ஓட்டம். அதாவது ஒரு வருஷத்தைத் தாண்டிக் கொஞ்ச நாளில் மாற்றியாக வேண்டும், மாதம் 340. பெல்ட், பிரேக் ஷூ, பேட்டரி, பஞ்சர் என்று உதிரியாக 200. இன்சூரன்ஸ் 175. இதெல்லாம் 1,400-ஐத் தாண்டுகிறது.

கடைசியாக, யாருமே எழுதாத ஒரு வரி இருக்கிறது. வண்டியின் விலை. ரோட்டில் இறக்க ஒரு லட்சம் ஆகிறது. இந்த ஓட்டத்துக்கு ஐந்து வருஷத்தில் 90,000 கிலோமீட்டர் காட்டும். மீட்டரில் 90,000 இருக்கிற ஸ்கூட்டரை 25,000-க்கு ஒருவர் கேட்டால் யோசிக்காமல் கொடுத்துவிடவேண்டியதுதான். 75,000 ரூபாய் அறுபது மாதத்தில் கரைந்திருக்கிறது, மாதம் 1,250. கடனில் எடுத்தால் இன்னும் மேலே. 80,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் மூன்று வருஷத்துக்கு வாங்கினால் தவணை 2,650 சொச்சம், வட்டி மட்டும் 15,000-க்கு மேல். அந்த வட்டியைச் சேர்க்காமலேயே மொத்தம் 6,000 வந்துவிட்டது. கிலோமீட்டருக்கு 4 ரூபாய்.

2,000-க்கும் 6,000-க்கும் நடுவில் 4,000 ரூபாய். தம்பிக்குக் கையில் வருவது 22,000. அதில் 4,000 என்பது சின்ன விஷயமே இல்லை. அதோடு தினமும் 60 கிலோமீட்டர் ஜிஎஸ்டி ரோட்டில், ஆம்னி பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் ஓட்டுவதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அதற்கு ரூபாய் போட எனக்குத் தெரியாது, ஆனால் அவன் அம்மாவுக்கு அதுதான் முதல் கவலை.

நேரத்தைச் சொல்வார்கள், நியாயம்தான். வண்டியில் ஒன்றேகால் மணி நேரம், ரயில் வழியில் காத்திருப்பது, மாறுவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். ஆனால் பீக் அவரில் தாம்பரம் அடைத்துக்கொண்டால் வண்டிக்காரரும் அதே ஒன்றரை மணிதான். ராத்திரி ஷிஃப்ட் வேலை என்றால் என் வாதம் நிற்காது. கடைசி ரயிலுக்குப் பிறகு வேலை முடிகிறவர் வண்டி வைத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரயிலே இல்லாத மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கத்துக்காரர்களுக்கும் இது பொருந்தாது. வேலைக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் போய்வர அங்கே இரண்டு ஷேர் ஆட்டோ மாறினால் ஒரு நாளைக்கு 80 ரூபாய், மாதம் 2,000. வீட்டில் ஏற்கெனவே வண்டி நிற்கிறது என்றால், பெட்ரோலும் தேய்மானச் சாமானும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் சொச்சத்தில் 1,500-க்குள் முடித்துவிடுவார்கள். அவர்கள் வண்டியில் போவதே சரி.

"அப்ப வண்டியை ஸ்டேஷனோட நிறுத்திக்கிறேன்" என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தினம் 5 கிலோமீட்டர், மாதம் 125. இந்தக் குட்டித் தூரத்தில் மைலேஜ் இன்னும் குறையும், பெட்ரோல் 350 ரூபாய். ஸ்டேஷன் பார்க்கிங் ஒரு நாளைக்கு 15 ரூபாய் என்றாலும் 375. அதோடு இன்சூரன்ஸ், வருஷத்துக்கு இரண்டு சர்வீஸ். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் விலை குறைந்துகொண்டேதான் இருக்கும், குறைவாக ஓடிய வண்டிக்கே மாதம் 1,000 போடவேண்டும். 2,000-க்கு மேல் போகிறது. ஷேர் ஆட்டோவின் 1,000-ஐ மிச்சம் பிடிக்க 2,000 செலவு. அப்பாவின் பழைய வண்டி வீட்டில் சும்மா நின்றால் மட்டும் இது கட்டும். அப்போது இன்சூரன்ஸும் விலைக் குறைவும் எப்படியும் போகிற காசு, புதிதாகக் கையைவிட்டுப் போவது 950 ரூபாய் சொச்சம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் யாரையும் கெஞ்சவும் வேண்டாம். சைக்கிள் மிதிக்கத் தயாராக இருந்தால் அதைவிட மலிவு எதுவும் கிடையாது, இரண்டரை கிலோமீட்டர் பத்துப் பதினைந்து நிமிஷம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். வீட்டில் இரண்டு பேர் ரயில் ஏறுகிறீர்கள் என்றால் ஷேர் ஆட்டோவுக்கு மட்டும் மாதம் 2,000 போகிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் 2,000 ரூபாய் வாடகை கூடுதலாக ஒரு வீடு கிடைத்தால், காசு சரிக்குச் சரி, தினம் அரை மணி நேரம் மிச்சம். வீடு பார்க்கும்போது புரோக்கர் "ஸ்டேஷன் பக்கம்தான் சார்" என்பார். அவர் வண்டியில் ஏறாமல் நடந்து பாருங்கள்.

இதையெல்லாம் தனித்தனி ஆளாகக் கணக்குப் போட்டுச் சமாளிக்கவேண்டி வருவதுதான் எனக்கு ஆற்றாமை. 185 ரூபாய்க்கு ஒரு மாதம் ஓடுகிற ரயில் வாசலுக்கு இரண்டரை கிலோமீட்டரில் நிற்கிறது. அதை அடைய முடியாமல் இளம் பிள்ளைகள் கடன் வாங்கி வண்டி எடுக்கிறார்கள். சென்னையில் 2013 முதல் சிற்றுந்து ஓடுகிறது, குறுகலான தெருவுக்குள்ளும் வந்து திரும்பும். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், பெருங்களத்தூர் உள் தெருக்களுக்கு அந்த வண்டிகள் காலை ஆறிலிருந்து பத்து வரை, மாலை ஐந்திலிருந்து பத்து வரை ரயில் நேரத்தை ஒட்டி வந்தால் போதும். 5 ரூபாய் டிக்கெட் என்றால் இங்கே ஆணுக்கு மாதம் 250, பெண்ணுக்கு அதுவும் இல்லை. வார்டு கூட்டத்தில் ரோடு, சாக்கடை பற்றிப் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் இந்தச் சிற்றுந்தையும் சேர்த்துக் கேட்போம். எங்கள் பகுதிக்காரர்கள் எந்தத் தெருவிலிருந்து எந்த நேர ரயிலுக்குப் போகிறீர்கள் என்று கமெண்டில் போடுங்கள். மனுவோடு அந்தப் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.