பெயர் வைப்பது கடைசி வேலை, அதற்கு முன்னால்தான் பஞ்சாயத்து

புதுத் தனிமம் பற்றிப் பேச்சு வந்தாலே "கண்டுபிடித்தவர் பெயர் வைப்பார், அவ்வளவுதானே" என்று முடித்துவிடுகிறார்கள். பாதி உண்மை. பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவர்களுக்குத்தான். ஆனால் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டால் செல்லாது. அதை வேறொருவர் பார்த்து, ஆதாரத்தைக் கிளறி, ஆமாம் என்று சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் இழுப்பது அந்த இடம்தான், பெயர் அல்ல.

அந்த "வேறொருவர்" யார்? வேதியியலுக்கு ஐயூபேக், இயற்பியலுக்கு ஐயூபேப் என்று இரண்டு பன்னாட்டு ஒன்றியங்கள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து நிபுணர் குழு ஒன்றை அமைக்கும். வெளியான ஆய்வுக் கட்டுரைகளை அந்தக் குழு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இந்தத் தனிமம் உண்மையிலேயே உருவானதா, முதலில் உருவாக்கியது யார் என்று தீர்ப்புச் சொல்லும். அதற்கப்புறம்தான் பெயர்ப் பேச்சே ஆரம்பம்.

113-ஆம் தனிமத்தின் கதையை எடுத்துக்கொள்வோம், இந்த நடைமுறை எவ்வளவு கறாரானது என்பது அதில்தான் நன்றாகத் தெரியும். ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தில் கோசுகே மொரிட்டாவின் குழு, துத்தநாக அணுக்கருக்களை முடுக்கி பிஸ்மத் தகட்டின் மேல் மோதவிட்டுக்கொண்டே இருந்தது. துத்தநாகத்தில் 30 புரோட்டான், பிஸ்மத்தில் 83, இரண்டும் ஒட்டிக்கொண்டால் 113. கணக்கு என்னவோ எளிதுதான், ஆனால் கோடானுகோடி மோதல்களில் எப்போதாவது ஒன்றுதான் ஒட்டும். 2004 ஜூலையில் ஓர் அணு கிடைத்தது. 2005 ஏப்ரலில் இன்னொன்று. அப்புறம் 2012 ஆகஸ்ட் வரை ஒன்றுமே இல்லை. மொத்தம் மூன்றே மூன்று அணுக்கள், அதுவும் ஒவ்வொன்றும் சில மில்லி நொடிக்குள் சிதைந்துவிடும். கையில் எடுத்துக் காட்ட எதுவுமே மிஞ்சாது.

அப்படியிருக்க எப்படித்தான் நிரூபிப்பது? சிதைவைப் பின்தொடர்ந்துதான். இத்தகைய கனமான அணுக்கரு ஆல்பா துகளை உமிழ்ந்தால் இரண்டு புரோட்டான்கள் குறையும். 113 என்பது 111 ஆகும், அது 109, அப்புறம் 107, 105 என்று இறங்கிக்கொண்டே போகும். உணர்கருவியில் ஒரே இடத்தில், அடுத்தடுத்து, இன்ன ஆற்றலில், இத்தனை நேர இடைவெளியில் ஆல்பாக்கள் பதிவாகின்றனவா என்று பார்ப்பார்கள். அந்தச் சங்கிலி நமக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த ஓர் அணுக்கருவில் போய் முடிந்தால் பிடி கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் தொடக்கம் எதுவென்று தெரிந்துவிடும்.

முதல் இரண்டு அணுக்களில் சிக்கல் வந்தது இங்கேதான். நான்கு ஆல்பாக்கள் வந்தன, 105-ஆம் தனிமமான டப்னியம் வரை சரியாக இறங்கியது, அங்கே ஆல்பாவை உமிழாமல் அணுக்கரு தானாகவே பிளந்துவிட்டது. பிளவில் துண்டுகள்தான் மிஞ்சும், ஆல்பாவைப் போல அது தெளிவான அடையாளம் எதையும் விட்டுவைக்காது. போதாக்குறைக்கு, சங்கிலியின் நடுவில் வந்த 107-ஆம் தனிமத்தின் அந்த ஐசோடோப்பைப் பற்றி அதுவரை தெரிந்திருந்ததும் கொஞ்சம்தான். ரிக்கென் குழு சும்மா இருக்கவில்லை, அந்த ஐசோடோப்பையே தனியாக உருவாக்கி, அது எப்படிச் சிதைகிறது என்றும் அளந்து காட்டியது. இவ்வளவுக்குப் பிறகும் நிபுணர் குழு 2011-இல் சொன்ன பதில், ஆதாரம் இன்னும் போதாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், ஏழு வருடம் ஆகிவிட்டது, கையில் இரண்டு அணுக்களின் தடயம், போட்டிக்கு ரஷ்யாவின் டப்னாவில் அமெரிக்கர்களோடு சேர்ந்து வேலை செய்த குழு வேறு, தாங்கள் உருவாக்கிய 115 சிதைந்தபோது 113 வந்தது என்று 2004-லேயே சொல்லிக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் நிபுணர் குழுவைத் திட்டித் தீர்த்திருப்பார்கள்.

2012-இல் கிடைத்த மூன்றாவது அணுதான் காப்பாற்றியது. இந்தத் தடவை டப்னியம் பிளக்கவில்லை, அதுவும் ஆல்பாவை உமிழ்ந்தது. அடுத்து 103, அதிலிருந்தும் ஒரு ஆல்பா, கடைசியில் 101, அதாவது மெண்டலீவியம். மொத்தம் ஆறு ஆல்பா, பன்னிரண்டு புரோட்டான். 101-உடன் 12-ஐக் கூட்டினால் 113. டப்னா குழுவின் சங்கிலிகளோ அதுவரை யாருக்கும் தெரியாத அணுக்கருக்கள் வழியாகவே ஓடி முடிந்தன, இப்படிப் பழைய அறிமுகத்தில் போய் இறங்கவில்லை. 2015 டிசம்பர் கடைசியில் 113 ரிக்கெனுக்கு என்று அறிவிப்பு வந்தது. 115, 117, 118 மூன்றும் ரஷ்ய-அமெரிக்கக் கூட்டணிக்குப் போயின. என்னைக் கேட்டால் 2011-இல் மறுத்ததும் சரி, 2015-இல் கொடுத்ததும் சரி.

இனி பெயர். புராணப் பாத்திரம் அல்லது வான்பொருள், கனிமம், இடம், தனிமத்தின் பண்பு, விஞ்ஞானி, இந்த ஐந்தில் ஒன்றைத்தான் தொட முடியும். ஜப்பானியர்கள் நாட்டின் பெயரையே எடுத்து நிஹோனியம் என்றார்கள், குறியீடு Nh. ஏன் நிப்போனியம் இல்லை என்று கேட்கலாம், அதுதானே வெளியில் எல்லோருக்கும் பழகிய பெயர்? அந்தப் பெயர் ஏற்கனவே செலவாகிவிட்டது. மசாதகா ஒகாவா என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1908-இல் 43-ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து நிப்போனியம் என்று பெயர் வைத்தார். அது 43 இல்லை என்று பின்னால் ஆனது. அவர் கையில் இருந்தது அட்டவணையில் நேர் கீழே உள்ள 75, அதாவது ரீனியம், என்று பல காலம் கழித்து மறு ஆய்வு காட்டியது. பாவம், உண்மையிலேயே ஒரு புதுத் தனிமத்தைத்தான் பிடித்திருந்தார், கட்டம் மாறிப்போனது. அவர் வைத்த Np என்ற குறியீடும் பின்னால் நெப்டியூனியத்துக்குப் போய்விட்டது. ஒரு தனிமத்துக்கு வைத்துக் கைவிட்ட பெயரை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது என்பது விதி. கொடுமையான விதி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய கட்டுரையில் நிப்போனியம் என்று படிப்பவர் எந்த நிப்போனியம் என்று குழம்பக் கூடாது இல்லையா?

முன்மொழிந்த பெயரை ஐயூபேக்கின் கனிம வேதியியல் பிரிவு பரிசீலித்து, ஐந்து மாதம் பொதுமக்கள் கருத்துக்காக வைக்கும். நிஹோனியம் 2016 ஜூனில் வெளியாகி, நவம்பர் 28-ஆம் தேதி ஒப்புதல் பெற்றது. இந்த ஐந்து மாதத்தைத்தான் பலர் ஓட்டெடுப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மோட்டர்ஹெட் இசைக்குழுவின் லெம்மி நினைவாக ஒரு தனிமத்துக்கு லெம்மியம் என்று வைக்கச் சொல்லி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். ஹெவி மெட்டல் பாடகருக்குக் கன உலோகம், நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்மொழியும் உரிமை அவர்களிடம் இல்லை, விதியில் பாடகருக்கு இடமும் இல்லை.

அதற்காக அந்த ஐந்து மாதம் வெறும் சடங்கு என்றும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் குழு 112-க்குக் கோப்பர்னிக்கஸ் பெயரை வைத்து Cp என்று குறியீடு கேட்டபோது, அது முன்பு லுட்டீசியத்துக்குக் காசியோப்பியம் என்ற பெயரில் புழங்கிய குறியீடாயிற்றே என்று கவனித்துச் சொன்னார்கள். உடனே Cn என்று மாற்றி, 2010 பிப்ரவரி 19, கோப்பர்னிக்கஸ் பிறந்தநாளன்று, ஒப்புதலை அறிவித்தார்கள். ஒன்றரை லட்சம் கையெழுத்தால் அசையாத இடத்தில் விஷயம் தெரிந்த ஒரு ஆட்சேபம் நின்றது. அறிவியலில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி, மாற்றுக் கருத்து இருந்தால் கீழே சண்டைக்கு வாருங்கள்.