கார்புரேட்டர் வண்டியில் சென்சார் கிடையாது
“20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் போட்டால் இன்ஜின் தானாகவே சரிசெய்துகொள்ளும்” என்பது இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும் எஃப்ஐ வண்டிக்குச் சரி. புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை சென்சார் பார்த்துச் சொல்ல, இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். 2020-க்கு முன் வந்த 100, 125 சிசி பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டர். அதில் பார்த்துச் சொல்ல ஆளில்லை. ஒரு கிலோ சுத்த பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், ஈ20-க்கு 13.5 போதும். பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை மாறாததால் காற்று மிஞ்சிவிடுகிறது. என் 2014 மாடல் பைக் காலையில் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும், ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு நொடி திக்கும். பிளக்கைக் கழற்றினால் முனை காப்பி நிறத்தில் இல்லாமல் வெளுத்திருந்தது. மெக்கானிக் பைலட் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே திருப்பினார் (சில கார்புரேட்டர்களில் உள்ளே திருப்ப வேண்டும், கேட்டுக்கொள்ளுங்கள்), ஐட்லிங் சீராகிவிட்டது. அந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கும், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகும் வரைக்கும்தான். திக்கல் போக ஒரு எண் பெரிய மெயின் ஜெட் போட வேண்டியிருந்தது. அப்புறம் மைலேஜ்: ஈ10-இல் 58 கொடுத்தது, இப்போது 55, 56. எத்தனாலில் லிட்டருக்குப் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது, அதை எந்த ட்யூனிங்கும் திருப்பித் தராது.