டிசம்பரில் டிக்கெட் குறைந்தது வீடியோவாலா?

"நவம்பர் கடைசியில் ரவுட்டர் பொருத்தும் வீடியோ போட்டோம். டிசம்பரில் வாடிக்கையாளர்கள் உதவி கேட்டு அனுப்பும் டிக்கெட் 400லிருந்து 300 ஆச்சு. வீடியோதான் காரணம்."

அண்ணே, இந்த இரண்டு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நம்ம தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் நடுவிலேயே பல அலுவலகங்கள் மூடிவிடும். கேட்க ஆள் குறைந்தாலே டிக்கெட்டும் குறையும். தலைப்பு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ரவுட்டர் கேள்விகள் 120லிருந்து 90, வீடியோவே இல்லாத பில் கேள்விகள் 80லிருந்து 60 என்று வந்தால், இரண்டும் ஒரே கால்வாசிதான் இறங்கியிருக்கின்றன. அதில் வீடியோவின் பங்கு தெரியவில்லை. ரவுட்டர் மட்டும் 60க்கு வந்திருந்தால் பேச்சு வேறு. அப்போதும், அந்த மாதப் புது இணைப்புகள் குறைந்தனவா என்று பார்த்துவிடுங்கள். ரவுட்டர் கேள்வி பெரும்பாலும் புதியவர்களிடமிருந்துதான் வரும். பிப்ரவரி எண்கள் வந்தபின் மறுபடி ஒப்பிடலாம்.